ரவுட்டரில் குடும்ப டிஎன்எஸ் போட்டும் போன்களில் தளங்கள் திறக்கின்றன, என்ன செய்வது?

மின்மினி: வீட்டில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு போன், பொதுவாக ஒரு மடிக்கணினி. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகத் தடுப்பு போடாமல், வயதுக்கு ஒவ்வாத தளங்களை ரவுட்டரிலேயே தடுக்க நினைத்தேன். கிளவுட்ஃபிளேரின் குடும்ப டிஎன்எஸ்ஸை DHCP பக்கத்தில் போட்டிருக்கிறேன். முதலாவது 1.1.1.3, இரண்டாவது 8.8.8.8. மடிக்கணினியில் சில நேரம் தடுக்கிறது, சில நேரம் திறக்கிறது. போன்களில் தடுப்பதே இல்லை. எங்கே பார்க்க வேண்டும்?

பழைய ரவுட்டர்: இரண்டாவது எண்தான் காரணம். முதலாவது படுத்துவிட்டால் மட்டும் இரண்டாவதைக் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி உத்தரவாதம் கிடையாது, கருவி எதை வேண்டுமானாலும் கேட்கலாம். 8.8.8.8 கூகுளுடையது, அது எதையும் வடிகட்டாது. அங்கே 1.0.0.3 போடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

செந்தூரம்: எனக்கும் இதே தொல்லைதான். நானும் 1.1.1.3 போட்டேன், ஆனால் யூடியூபில் என் மகன் பார்க்கக் கூடாத வீடியோக்கள் வருகின்றன. அந்தச் சேனல்களை மட்டும் எப்படித் தடுப்பது?

மின்மினி: 1.0.0.3 போட்டு ரவுட்டரை அணைத்துப் போட்டேன். போன்களில் இன்னும் அப்படியேதான்.

கம்பிவடம்: மின்மினி, இரண்டாவது எண்ணை மாற்றியது தேவையான வேலைதான், ஆனால் அது பாதிதான். மடிக்கணினியில் இந்த இரண்டு கட்டளைகளையும் ஓட்டிப் பாருங்கள். அந்தப் பெயர் சோதனைக்காகவே கிளவுட்ஃபிளேர் வைத்திருப்பது, ஆபாசம் எதுவும் இருக்காது.

```
nslookup nudity.testcategory.com
nslookup nudity.testcategory.com 1.1.1.3
```

இரண்டாவது கட்டளை 1.1.1.3-ஐ நேரடியாகக் கேட்கிறது. அதில் 0.0.0.0 என்று வந்தால் வடிகட்டி வேலை செய்கிறது என்று பொருள். முதல் கட்டளையில் வேறு எண் வந்தால், மடிக்கணினி வேறு யாரையோ கேட்கிறது. யாரை என்பது மேலே Address வரியில் தெரியும்.

மின்மினி: இரண்டாவதில் 0.0.0.0 வருகிறது. முதலாவதில் வேறு எண். மேலே இப்படி இருக்கிறது:

```
Server:  UnKnown
Address:  fe80::1
```

கம்பிவடம்: அதுதான் ஓட்டை. fe80::1 என்பது உங்கள் ரவுட்டரேதான், ஐபிவி6 வழியாக. நீங்கள் DHCP பக்கத்தில் போட்டது ஐபிவி4-க்கு மட்டும். ஐபிவி6 பக்கத்தில் ரவுட்டர் "என்னைக் கேளுங்கள்" என்று எல்லாக் கருவிகளுக்கும் சொல்கிறது, அப்புறம் கேள்வியை இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸுக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே வடிகட்டுவது இல்லை. ஆகவே ரவுட்டரின் WAN அல்லது Internet பக்கத்துக்குப் போய், டிஎன்எஸ்ஸைத் தானாகப் பெறுவதை நிறுத்திவிட்டு, இரண்டு வகைக்கும் எண்களை நிரப்புங்கள். ஐபிவி6-க்கு இவை:

```
2606:4700:4700::1113
2606:4700:4700::1003
```

மாற்றியதும் மடிக்கணினியில் `ipconfig /flushdns` ஓட்டுங்கள், போன்களில் வைஃபையை அணைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் பழைய பதிலையே கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும்.

செந்தூரம், டிஎன்எஸ்ஸுக்குத் தளத்தின் பெயர் மட்டுமே தெரியும். ஒரே பெயருக்குள் இருக்கும் சேனலை அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. கிளீன்பிரவுசிங்கின் குடும்ப வடிகட்டி (185.228.168.168, 185.228.169.168) யூடியூபைக் கட்டுப்படுத்திய முறைக்கு மாற்றும், அவ்வளவுதான். அது ரெடிட்டையும் சேர்த்தே தடுத்துவிடும், தெரிந்துகொண்டு போடுங்கள்.

பழைய ரவுட்டர்: எதற்கு இவ்வளவு? ஐபிவி6-ஐயே அணைத்துவிட்டால் முடிந்தது.

கம்பிவடம்: ஐபிவி6 டிஎன்எஸ்ஸை மாற்றவே விடாத ரவுட்டர்களுக்கு அதுதான் வழி. மாற்ற முடிகிற இடத்தில் அணைக்க நான் சொல்லமாட்டேன்.

மின்மினி: மாற்றிவிட்டேன் அண்ணா. மடிக்கணினியில் இப்போது 0.0.0.0 வருகிறது. சின்னவள் போனிலும் தடுக்கிறது. பெரியவன் ஆண்ட்ராய்டு போனில் மட்டும் திறக்கிறது.

கம்பிவடம்: அவன் போனில் Private DNS என்ற அமைப்பைத் திறந்து பாருங்கள். Automatic என்றால் பிரச்சினை இல்லை, ரவுட்டர் சொல்வதைத்தான் கேட்கும். வேறு பெயர் எழுதியிருந்தால் போன் ரவுட்டரைத் தாண்டிப் போகிறது. அதை `family.cloudflare-dns.com` என்று மாற்றினால் மொபைல் டேட்டாவிலும் தடுப்பு இருக்கும். குரோமில் Secure DNS என்ற இடத்தில் வேறு நிறுவனம் தேர்ந்தெடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மின்மினி: ஆமாம், வேறு பெயர் இருந்தது. மாற்றிவிட்டேன். ஆனால் அவன் திரும்ப மாற்றினால்?

கம்பிவடம்: ரவுட்டரின் ஃபயர்வாலில், Private DNS பயன்படுத்தும் 853 போர்ட்டை வெளியே போகவிடாமல் தடுக்கலாம். அப்போது அங்கே பெயர் எழுதியிருந்தால், இப்போது போட்ட கிளவுட்ஃபிளேர் பெயராக இருந்தாலும், பெரும்பாலும் வைஃபையில் இணையமே வராது, Automatic-க்கு மாற்றியாக வேண்டும். ஆனால் பிரவுசருக்குள் இருக்கும் Secure DNS வழக்கமான 443-இல் போகிறது. அதையும் விபிஎன் ஆப்களையும் இந்த வழியில் பிடிக்க முடியாது. அதற்குப் போனிலேயே பெற்றோர் கட்டுப்பாடு வேண்டும், அவனிடம் பேசவும் வேண்டும்.

மின்மினி: சரி அண்ணா. என் ரவுட்டரின் ஃபயர்வால் பக்கத்தில் போர்ட் எண் கேட்கிறது, ஆனால் முகவரிப் பெட்டி ஐபிவி4-ஐ மட்டும் ஏற்கிறது. 853-ஐ அங்கே தடுத்தால் ஐபிவி6-க்கும் சேருமா? இதே மாதிரி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.