நன்றி சொன்ன மடலிலேயே மதிப்புரையும் பரிந்துரையும் கேட்டேன்; வாடிக்கையாளர் பதிலே தரவில்லை

வரைபலகை:
வீடுகளுக்கு உள்ளரங்க அமைப்பு செய்து தருகிறேன். அண்மையில் ஒரு சமையலறையை முடித்து ஒப்படைத்தேன். இரண்டு வாரம் கழித்து அந்த அம்மையார் தாமாகவே வாட்ஸ்அப்பில், “அடுப்புக்குக் கீழே நீங்கள் வைத்த இழுப்பறையால், என் மாமியார் பாத்திரத்துக்காகத் தரையில் உட்கார்ந்து துழாவுவது நின்றுவிட்டது” என்று எழுதினார். அன்றே நான் அனுப்பிய பதில் இது:

“மிக்க நன்றி அம்மா. கூகுளில் 5 நட்சத்திரம் கொடுத்து ஒரு மதிப்புரை எழுதுங்கள். வேலை தேவைப்படும் உங்கள் உறவினர், நண்பர்களின் எண்களையும் அனுப்புங்கள். மதிப்புரை எழுதினால் அடுத்த வேலையில் 10 சதவீதத் தள்ளுபடி தருகிறோம்.”

நீலக் குறி விழுந்து ஒன்பது நாளாகிறது, பதில் இல்லை. எங்கே பிழை செய்தேன்?

காலைமழை:
நீங்கள் கேட்ட நேரம் சரியானதே. மகிழ்ச்சி ஆறுவதற்குள் கேட்பதுதான் முறை. ஆனால் அடுத்த சமையலறையை அவர் எப்போது செய்யப்போகிறார்? அந்தத் தள்ளுபடியால் அவருக்குப் பயனில்லை. உடனே கைக்குக் கிடைக்கும்படி ஒரு பரிசு கூப்பன் அனுப்பிப் பாருங்கள்.

பழைய ஏடு:
நேரத்தைப் பற்றி நண்பர் சொன்னதை ஏற்கிறேன்; பரிசைப் பற்றிச் சொன்னதை ஏற்க இயலாது. மதிப்புரைக்கு ஈடாகப் பணமோ தள்ளுபடியோ பொருளோ தருவதைக் கூகுளின் விதிகள் தடை செய்கின்றன. அப்படிப் பெற்ற மதிப்புரை நீக்கப்படலாம். நல்லதை மட்டும் எழுதும்படி கேட்பதும் அவ்விதிகளுக்குப் புறம்பானது என்பதால், “5 நட்சத்திரம்” என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிய குறை, அவர் எழுதியதை நீங்கள் படித்ததற்கான அடையாளமே உங்கள் மடலில் இல்லை என்பது. அவர் மாமியாரைப் பற்றி எழுதினார். நீங்கள் யாருக்கும் பொருந்தும் ஒரு நன்றியைச் சொல்லிவிட்டு இரண்டு வேலைகளை ஏவினீர்கள். அவற்றிலும் எண்களை அனுப்பச் சொன்னது கடினமான வேலை. ஒருவருடைய எண்ணைக் கொடுப்பதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டுமே என்ற தயக்கம் யாருக்கும் வரும். அந்தத் தயக்கத்தில் மதிப்புரையும் சேர்ந்து தள்ளிப்போயிருக்கும். இரண்டையும் பிரித்துக் கேளுங்கள்: முதலில் மதிப்புரை, அது வந்த பிறகு பரிந்துரை.

நூல்கண்டு:
நான் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒருவர் 2 நட்சத்திரம் கொடுத்துவிட்டார். அதை எப்படி நீக்குவது?

பழைய ஏடு:
அது வேறு சிக்கல் ஐயா. தனி இழையில் கேட்டால் விவரமாகப் பேசலாம்.

வரைபலகை:
இப்படித் திருத்தியிருக்கிறேன்: “அம்மா, உங்கள் மாமியார் இனித் துழாவ வேண்டியதில்லை என்று படித்தபோது, அந்த இழுப்பறைக்காக இரண்டு முறை அளவெடுத்தது வீண்போகவில்லை என்று மகிழ்ந்தேன். இதே அனுபவத்தைக் கூகுளில் எழுத இயலுமா? விரிவாக, படங்களுடன் எழுதினால் பேருதவியாக இருக்கும்.”

பழைய ஏடு:
முதல் வாக்கியத்தைத் தொடாதீர்கள். “விரிவாக, படங்களுடன்” என்பதை நீக்கிவிட்டு, “முன்பு என்ன தொல்லை இருந்தது, இப்போது என்ன மாறியது என்று இரண்டு மூன்று வரிகள் போதும், குறை இருந்தால் அதையும் எழுதுங்கள்” என்று சேருங்கள். பலர் எழுதாமல் விடுவதற்குக் காரணம் மனமின்மை அன்று, எதை எழுதுவது என்று தெரியாமைதான். உங்கள் கூகுள் வணிகச் சுயவிவரத்தில் மதிப்புரை கேட்பதற்கென்றே ஓர் இணைப்பு கிடைக்கும். அதைக் கடைசி வரியில் தனியாக வையுங்கள். அவரிடம் கூகுள் கணக்கு இல்லையென்றால், வாட்ஸ்அப்பில் எழுதியதையே உங்கள் தளத்தில் வெளியிடலாமா, பெயருடனா பெயரின்றியா என்று அனுமதி கேளுங்கள். அவருக்காக நீங்களே மதிப்புரையை எழுதி அனுப்பி ஒட்டச் சொல்வது மட்டும் வேண்டாம்.

பரிந்துரை கேட்கும்போது எண் கேட்காதீர்கள். “பழைய சமையலறையில் இடம் போதாமல் திண்டாடுபவர் யாரேனும் இருந்தால், இதை அவருக்கு அனுப்பிவிடுங்கள்” என்று சொல்லி, நீங்கள் செய்யும் வேலையையும் உங்கள் எண்ணையும் மூன்று வரியில் தனிச் செய்தியாகக் கொடுங்கள். “தெரிந்தவர்கள்” என்றால் ஒருவர் முகமும் நினைவுக்கு வராது. “இடம் போதாமல் திண்டாடுபவர்” என்றால் யாரேனும் ஒருவர் வருவார்.

காலைமழை:
மதிப்புரைக்குப் பரிசு கூடாது என்பது புரிந்தது. பரிந்துரைக்குத் தரலாம் அல்லவா? என் அச்சகத்தில் தருகிறேன், ஆட்கள் வருகிறார்கள்.

பழைய ஏடு:
வேலை கொண்டுவருபவருக்குத் தருவது வேறு கணக்கு. ஆனால் பணம் பெற்றுப் பரிந்துரைத்தார் என்பது புதியவருக்குப் பின்னால் தெரிந்தால், பரிந்துரைத்தவருக்கே சங்கடம். நான் தருவதில்லை.

காலைமழை:
முன்கூட்டியே சொல்லிவிட்டால் சங்கடம் எதற்கு? இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.

வரைபலகை:
தள்ளுபடியை முன்பு தவறாகச் சொல்லிவிட்டேன், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற குறிப்புடன் நேற்று மாலை அனுப்பினேன். இன்று நான்கு வரி வந்திருக்கிறது, 4 நட்சத்திரம். இழுப்பறையைப் புகழ்ந்துவிட்டு, வேலை முடிய ஒரு வாரம் தாமதமானதையும் எழுதியிருக்கிறார். உண்மைதான். பரிந்துரைக்கான செய்தியை உடனே அனுப்பலாமா?

பழைய ஏடு:
முதலில் அந்த மதிப்புரைக்குக் கீழே, தாமதத்தை ஒப்புக்கொண்டு ஒரு பதில் எழுதுங்கள். மற்றதற்கு இரண்டொரு நாள் போகட்டும்.