ரோஸ்ட் உருளைக்கிழங்கு: மேலே தோல் மாதிரி, நடுவில் வேகவே இல்லை. எங்கே தவறு?

கோமதி, கொவென்ட்ரி

இங்கிலாந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை கணவரின் அலுவலக நண்பர்கள் நான்கு பேர் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். இந்த ஊர் முறைப்படி சண்டே ரோஸ்ட் செய்து தருகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். நேற்று ஒத்திகை பார்த்தேன். கோழி நன்றாகவே வந்தது. உருளைக்கிழங்குதான் மானத்தை வாங்கியது.

செய்தது இதுதான். ஒன்றரைக் கிலோ கிழங்கைத் தோல் சீவி, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டி, எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டி, கோழியைச் சுற்றி அதே ட்ரேயில் அடுக்கி ஓவனில் வைத்தேன். ஃபேன் 180, ஒன்றேகால் மணி நேரம். வெளியே பழுப்பாகத்தான் இருந்தது, ஆனால் மொறுமொறுப்பு இல்லை. பழைய செருப்புத் தோல் போல இழுபட்டது. பெரிய துண்டுகளில் நடுப்பகுதி நறுக்கென்றிருந்தது. மிளகாய்த்தூள் கருகிக் கசந்தது.

முதலில் தண்ணீரில் வேகவைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். ஓவனில்தான் ஒரு மணி நேரம் வேகப்போகிறதே, முன்னால் எதற்கு வேகவைக்க வேண்டும்? நேரம் மிச்சம் பிடிக்கவா?

பத்மா, கோயம்புத்தூர்

இதற்கு ஓவன் எதற்கம்மா? இரும்புக் கடாயில் எண்ணெய் ஊற்றி, கடுகு தாளித்து, மூடாமல் சிறு தீயில் வைத்தால் உருளை ரோஸ்ட் தானாக முறுகும். வேகவைத்த கிழங்கு என்றால் கடைசியில் ஒரு ஸ்பூன் ரவை தூவிப் பிரட்டுங்கள். சாம்பார் சாதத்துக்கு அமோகமாக இருக்கும்.

கோமதி, கொவென்ட்ரி

பத்மா அக்கா, அது நம் உருளை ரோஸ்ட். இவர்கள் ரோஸ்ட் என்பது பெரிய துண்டு. வெளியே கண்ணாடி மாதிரி உடைய வேண்டும், உள்ளே பஞ்சு மாதிரி இருக்க வேண்டும். அதில் கடுகு போட்டால் என் கணவர் வேலைக்கே போக மாட்டார்.

சிவா

ஸ்டார்ச்தான் எதிரி. சிப்ஸ் போடும்போது கிழங்கைக் கழுவிக் கழுவி ஸ்டார்ச்சை எடுப்போம் அல்லவா? வேகவைப்பதும் அதற்குத்தான். ஸ்டார்ச், சர்க்கரை எல்லாம் தண்ணீரோடு போய்விடும். அப்புறம் ஓவனை 250-ல் வையுங்கள். சூடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு மொறுமொறுப்பு.

ராகவன், ஹாரோ

லண்டனில் ஒரு பப் சமையலறையில் ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைக் கிழங்கு என் பொறுப்பில் இருந்தது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சிவா தம்பி சொன்னதில் சர்க்கரை விஷயம் சரி. கொஞ்சம் சர்க்கரை தண்ணீரில் இறங்கும், அதனால் சீக்கிரம் கறுக்காது. ஸ்டார்ச் விஷயம் இந்தப் பண்டத்துக்குத் தலைகீழ். சிப்ஸுக்குக் கழுவுகிறோம், இதற்கு ஸ்டார்ச்தான் மேல் ஓடு.

கோமதி, வீட்டில் கூழ் வடாம் போட்டிருப்பீர்கள். அரிசி மாவைக் கூழாகக் கிண்டி, பிழிந்து, காயவைத்துப் பொரிக்கிறோம். பச்சை மாவையே தண்ணீரில் கரைத்துக் காயவைத்தால் என்ன ஆகும்? பொடிப்பொடியாக உதிரும். வெந்த ஸ்டார்ச்தான் பசையாகிப் படலமாகக் காய்ந்து விறைக்கும். கஞ்சி போட்ட வேட்டியும் அப்படித்தான். ரோஸ்ட் கிழங்கின் ஓடும் அதே சங்கதிதான். வேகவைத்து வடித்த கிழங்கைக் குலுக்கினால் ஓரங்கள் உதிர்ந்து, மேலெல்லாம் மாவுப் பசை அப்பிக்கொள்ளும். அது சூடான கொழுப்பைக் குடித்து, ஓவனில் காய்ந்து, ஓடாகிறது. சொரசொரப்பாக இருப்பதால் எண்ணெய் படும் பரப்பும் அதிகம்.

பச்சைக் கிழங்கை நேராக வைத்தால் இந்தப் பசை கிடையாது, வெட்டின முகம் வழவழவென்றிருக்கும். நடுப்பகுதி வேகும் வரை ஓவனில் கிடக்க வேண்டும். அதற்குள் மேல்பகுதி ஈரம் வற்றி வற்றி மெல்லிய தோலாக இறுகிவிடும். உங்களுக்கு வந்த செருப்புத் தோல் அதுதான். முன்பே வெந்திருந்தால் நடுவை வேகவைக்கும் வேலை ஓவனுக்கு இல்லை, ஓட்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆகவே இது நேர மிச்சத்துக்காக அல்ல. மொத்த நேரம் கூடத்தான் செய்யும்.

அரைவேக்காடு என்று சொல்வதால்தான் பலர் சீக்கிரம் வடித்துவிடுகிறார்கள். முக்கால் வேக்காட்டுக்கும் மேலே போக வேண்டும். கத்தி நுனி சுலபமாக இறங்க வேண்டும், ஓரங்கள் மங்கி, கொஞ்சம் கரையத் தொடங்கியிருக்க வேண்டும். நாலாக வெட்டின துண்டுக்குக் கொதி வந்த பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடம். கடிகாரத்தைவிட ஓரத்தைப் பாருங்கள்.

சூடு: ஃபேன் ஓவனில் 200, ஃபேன் இல்லாததில் 220, கேஸ் ஓவனில் 7-ஆம் எண். 180-ல் ஈரம் மெதுவாகத்தான் போகும், நிறம் வருவதற்குள் உள்ளே வறண்டுவிடும். 250-ல் ஓடு தடிப்பதற்கு முன் முனைகள் கறுத்துவிடும், வீடெல்லாம் புகை.

கடைசியாக, கோழியோடு ஒரே ட்ரேயில் வைக்காதீர்கள். கோழி விடும் சாறில் கிழங்கு ஆவியில் வேகிறது. என்ன கிழங்கு வாங்கினீர்கள்?

கோமதி, கொவென்ட்ரி

பையைப் பார்த்தேன். சார்லட் என்று போட்டிருக்கிறது. கிழங்கு கிழங்குதானே?

ராகவன், ஹாரோ

இல்லை அம்மா. சார்லட் மெழுகுத்தன்மை உள்ளது, வெந்தாலும் கட்டியாக நிற்கும். சாலட்டுக்கும் நம் குழம்புக்கும் அருமை. குலுக்கினால் மாவு உதிராது. மாவுக் கிழங்கு வேண்டும்: மாரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட். இரண்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

நிலா

தண்ணீரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா போடுங்கள். இரண்டு லிட்டருக்கு அவ்வளவு போதும். ஓரங்கள் சீக்கிரம் குழையும், பசை இன்னும் தடிப்பாக வரும். எங்கள் வீட்டில் இது இல்லாமல் செய்வதே இல்லை. வினிகர் மட்டும் போட்டுவிடாதீர்கள், புளிப்பு கிழங்கை இறுக்கிவிடும்.

ராகவன், ஹாரோ

நிலா சொல்வது வேலை செய்யும். எனக்கென்னவோ நாக்கில் லேசாகச் சவுக்கார வாடை தட்டும், அதனால் நான் போடுவதில்லை. நல்ல மாவுக் கிழங்குக்குத் தேவையும் இல்லை.

நிலா

அரை டீஸ்பூனில் வாடை வராது. கை தாராளமாகப் போயிருக்கும்!

கோமதி, கொவென்ட்ரி

வியாழக்கிழமை ராத்திரி மறுபடி முயன்றேன். மாரிஸ் பைப்பர் ஒன்றரைக் கிலோ, சோடா இல்லை. உப்புப் போட்ட தண்ணீர் கொதித்த பிறகு போட்டேன். பத்து நிமிடத்தில் அம்மா போன் வந்தது. திரும்பும்போது பதினாறு நிமிடம் ஆகிவிட்டது. நான்கைந்து துண்டு கஞ்சியாகிவிட்டது. மீதியை வடிதட்டில் கொட்டிக் குலுக்கினேன். ஃபேன் 200-ல் ஐம்பது நிமிடம் வைத்தும் வெளிறிப்போய் மஞ்சளாகத்தான் இருந்தது. தோல் மாதிரி இல்லை, உள்ளே பஞ்சுதான், ஆனால் அந்தக் கண்ணாடி ஓடு இல்லை. விசித்திரம் என்னவென்றால், உடைந்து சிதறின தூள்தான் எல்லாவற்றையும்விட மொறுமொறுப்பு. மகன் அதை மட்டும் பொறுக்கித் தின்றான்.

ராகவன், ஹாரோ

அந்தத் தூளிலேயே விடை இருக்கிறது: பசை சரியாக வந்திருக்கிறது, சூடுதான் போதவில்லை. மூன்று கேள்வி. வடித்த பிறகு ஆவி போக விட்டீர்களா? எண்ணெயை ட்ரேயில் முன்பே சூடாக்கினீர்களா? துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தனவா?

கோமதி, கொவென்ட்ரி

வடித்த உடனே போட்டேன். எண்ணெய் குளிர்ந்ததுதான், ட்ரேயும். இடம் போதாமல் நெருக்கித்தான் அடுக்கினேன், ட்ரே வேறு ஆழமானது.

ராகவன், ஹாரோ

சரி. வடித்ததும் வெறும் பாத்திரத்தில் மூடாமல் ஐந்து முதல் பத்து நிமிடம் விடுங்கள். ஆவி அடங்கி, மேல்புறம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகத் தெரிய வேண்டும். அதற்கு முன் வைத்தால் ஓவனின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை விரட்டவே போய்விடும்.

அந்த நேரத்தில் எண்ணெய் ஊற்றிய தட்டையான ட்ரே ஓவனில் காயட்டும். ஒன்றரைக் கிலோவுக்கு ஐந்தாறு மேசைக் கரண்டி. முதல் துண்டு விழும்போது வடை போட்ட மாதிரிச் சத்தம் வர வேண்டும். இரண்டு ட்ரேயாகப் பிரித்து இடைவெளி விடுங்கள். முதல் இருபத்தைந்து நிமிடம் தொடவே கூடாது, இளசாக இருக்கும் ஓடு ட்ரேயில் ஒட்டிக் கிழியும். தானாக விடுபடும்போது புரட்டி, இன்னும் இருபத்தைந்து முப்பது நிமிடம். பொன்னிறம் போதும், கரும்பழுப்பு வரை போக வேண்டாம். மிளகாய்த்தூள் ஆசை இருந்தால் இறக்கின பிறகு தூவுங்கள்.

ஒரு சந்தேகம்: ஐம்பது நிமிடத்தில் வெளிறியே இருந்தது என்றால் உங்கள் ஓவனும் பொய் சொல்லலாம். உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கிப் பாருங்கள், விலை அதிகமில்லை.

பத்மா அக்காவின் ரவையும் விளையாட்டில்லை. இங்கேயே சிலர் குலுக்கும்போது ஒரு கரண்டி தூவுவார்கள். ஓடு கொஞ்சம் மணல் மாதிரி இருக்கும், எனக்குப் பிடிக்கும்.

பத்மா, கோயம்புத்தூர்

பார்த்தீர்களா! எங்கள் சின்ன ஓடிஜியில் செய்யலாமா? அதில் மேல் கம்பி கிழங்குக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது.

சிவா

குளிர்ந்த தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்க வைக்க வேண்டும் என்று என் மாமி சொல்வார், உள்ளும் வெளியும் ஒரே சீராக வேகுமாம். கோமதி அக்கா கொதிக்கும் தண்ணீரில் போட்டதும் தப்பா?

ராகவன், ஹாரோ

பெரிய துண்டுக்கு உங்கள் மாமி சொல்வது நியாயம். எதிர்க் கட்சியும் இருக்கிறது: மெதுவாகச் சூடேறும் கிழங்கு சில சமயம் மேலே இறுகிவிடும், ஓரம் உதிராது. நான் பப்பில் கொதிக்கும் தண்ணீரில்தான் போட்டேன், பெரிய அண்டாவைக் குளிரிலிருந்து சூடாக்க நேரம் இல்லை என்பதால். வீட்டில் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறேன், தின்றவர் யாரும் வித்தியாசம் சொல்லவில்லை.

பத்மா அக்கா, ஓடிஜி என்றால் அரைக் கிலோவுக்கு மேல் வேண்டாம். ட்ரேயைக் கீழ்த் தட்டில் வைத்து, அடிக்கடி எட்டிப் பாருங்கள்.

கோமதி, கொவென்ட்ரி

வெப்பமானி வாங்கிவிட்டேன். 200-க்குத் திருப்பினால் உள்ளே 180-தான் காட்டுகிறது! ஒத்திகை நாளில் 180 வைத்தபோது உண்மையில் என்ன இருந்ததோ. இன்று 220-க்குத் திருப்பி, உள்ளே 200 வந்த பிறகு அரைக் கிலோ மட்டும் செய்தேன். சத்தம் வந்தது. புரட்டும்போது கரண்டி பட்டு டக் டக்கென்றது. இரண்டு துண்டு இன்னும் ஒரு பக்கம் வெளுப்பு, அவை கதவுப் பக்கம் இருந்தவை.

இப்போது வேறு தலைவலி. ஓவன் ஒன்றுதான், கோழிக்கு 180, கிழங்குக்கு 200. ஒரு மணிக்கு விருந்தினர் உட்காருவார்கள். எது முதலில்?

ராகவன், ஹாரோ

கோழி முதலில், வெப்பமானியில் 180 காட்டும்படி வைத்து. பன்னிரண்டு மணிக்கு வெளியே எடுத்து, தளர்வாக மூடி வைத்துவிடுங்கள், வெட்டுவதற்கு முன் அது ஓய்வெடுக்கத்தான் வேண்டும். எடுத்த உடனே சூட்டை ஏற்றி, காலி ட்ரேயில் எண்ணெய் வையுங்கள். பதினொன்றே முக்காலுக்குள் கிழங்கு வடித்து ஆவி போய்க்கொண்டிருக்க வேண்டும். பன்னிரண்டு பத்துக்கு உள்ளே போனால் ஒரு மணி ஐந்துக்கு வரும். அந்த ஐந்து நிமிடம் உங்கள் கணவர் பேசிச் சமாளிக்கட்டும். கதவுப் பக்கம் வெளுத்தால், புரட்டும்போது ட்ரேயைத் திருப்பி வையுங்கள்.

நிலா

விருந்தினரில் சைவம் யாராவது உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வாத்துக் கொழுப்பு வாங்கலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள்!

கோமதி, கொவென்ட்ரி

ஒருவர் சைவம். சூரியகாந்தி எண்ணெயே போதும் என்று விட்டுவிட்டேன். போனை மட்டும் அன்று அணைத்து வைக்கப் போகிறேன்.