கலந்த கணக்கில் டிரஸ்ட் பணம்: 1 லட்சம் இடிக்கிறது

சென்னையில் ஒரு தனியார் குடும்ப டிரஸ்ட். டிரஸ்டியின் சேமிப்புக் கணக்கில் அவருடைய 2 லட்சம் இருந்தது. மே மாதம் அதிலேயே டிரஸ்ட் பணம் 5 லட்சத்தைப் போட்டுவிட்டார். ஜூனில் 3 லட்சத்துக்குப் பங்கு வாங்கினார். ஜூலையில் 3 லட்சம் செலவாகி, இருப்பு 1 லட்சமானது. ஆகஸ்டில் சொந்தப் பணம் 4 லட்சம் போட்டார். செலானில் டிரஸ்ட் பெயரே இல்லை.

ஸ்டேட்மென்ட்டை வரிவரியாகப் பார்த்தாச்சு. டிரஸ்டிக்கு அனுப்பிய நோட்டீஸுக்குப் பதில் இல்லை. ஆங்கிலேய வழக்குகளில் ஓட்வே (1903) படி பங்குகளைப் பிடிக்கலாம். ராஸ்கோ (1915) படி, இருப்பு இடையில் எவ்வளவு குறைந்ததோ அதற்கு மேல் கணக்கில் கேட்க முடியாது. அதாவது 1 லட்சம்தான். ஆக பங்கு 3 லட்சத்தோடு சேர்த்து 4 லட்சம் தேறுகிறது; 1 லட்சம் இடிக்கிறது.

இந்திய டிரஸ்ட் சட்டம் 1882, பிரிவு 66 கலந்த நிதி முழுவதன் மீதும் பயனாளிக்கு சார்ஜ் என்ற பிணை உரிமை தருகிறதே, அது ஆகஸ்டில் வந்த பணத்தையும் பிடிக்குமா?