950 வெள்ளி என்றார் ஏஜென்ட், எத்தனை மணி நேரத்துக்கு என்று சொல்லவில்லை

கம்பி கட்டுபவன்:
சிங்கப்பூரில் கட்டுமான வேலை, கம்பி கட்டும் பிரிவு. என் சம்பளக் கணக்கை முதலிலிருந்து போட்டுப் பார்த்த அனுபவத்தை எழுதுகிறேன். புறப்படத் தயாராக இருப்பவர்கள் பணம் கட்டும் முன் படிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஏஜென்ட் என்னிடம் சொன்னது ஒரே ஒரு எண்: "மாதம் 950 வெள்ளி சம்பளம்." வேலை அனுமதிக்கு மனிதவள அமைச்சு முன்கூட்டித் தரும் ஒப்புதலான ஐபிஏ கடிதத்தில், பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் இருந்த முதல் பக்கத்தை மட்டும் தந்தார். மற்ற பக்கங்கள் கம்பெனியில் கிடைக்கும் என்றார். வேலை நிறைய இருந்த மாதங்களில் சம்பளச் சீட்டின் மேல் வரியில் உள்ள மொத்தத் தொகை 950-ஐ ஒட்டியே வந்ததால் சந்தேகம் எழவில்லை. ஆண்டுக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. சைட்டில் ஓவர்டைம் நின்றது, ஞாயிறு வேலையும் இல்லை. அந்த மாதம் கைக்கு வந்தது 422 வெள்ளி. பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் கோப்பைத் திறந்து ஐபிஏ முழுவதையும் காட்டினார், தமிழ் மொழிபெயர்ப்பும் அதில் இருந்தது. அடிப்படைச் சம்பளம் 572. படிகள் எதுவும் இல்லை. மாதப் பிடித்தம், சாப்பாட்டுக்கு, 150.

அன்றிரவு சம்பளச் சீட்டுகளைக் கட்டிலில் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டேன். இங்கே ஒரு மணி நேரக் கூலியைக் கண்டுபிடிக்க, மாத அடிப்படையைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 வாரத்துக்கும் வாரம் 44 மணிக்கும் வகுக்க வேண்டும். 572-க்கு அது சரியாக 3 வெள்ளி. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 4.50. நல்ல மாதம் ஒன்றில் 68 மணி ஓவர்டைம் பார்த்திருக்கிறேன், அதற்கு 306. இரண்டு ஞாயிறுகளுக்கு 44. எல்லாம் சேர்த்து 922. சாப்பாடு போகக் கையில் 772.

ஏஜென்ட் சொன்ன 950 உண்மையிலேயே மாதச் சம்பளமாக இருந்திருந்தால் என் ஒரு மணி நேரம் ஏறக்குறைய 5 வெள்ளி பெறும். அதை நம்பித்தான் வீட்டில் கடன் வாங்கினோம். அவர் சொன்னது சம்பளமே அல்ல. அதிகபட்ச ஓவர்டைமும் ஞாயிறும் சேர்ந்து, சாப்பாட்டுக் காசு பிடிக்கும் முன் வரக்கூடிய தொகை. மாதம் 275 மணி நேர உழைப்பின் விலையை 190 மணியின் சம்பளம் போலச் சொல்லியிருக்கிறார்.

வடக்குத் தெரு:
இதை விடாதீர்கள். ஏஜென்ட் 950 என்று சொன்னால் அதுதான் ஒப்பந்தம். ஓவர்டைமையும் அந்த 950-லிருந்துதான் ஒன்றரை மடங்காகக் கணக்கிட வேண்டும். கம்பெனிமீது புகார் கொடுத்தால் மொத்தப் பாக்கியும் வரும்.

பழைய டைம்கீப்பர்:
ஒன்றரை மடங்கு என்பது சரி. ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். ஏஜென்ட் வாயால் சொன்னது இங்கே செல்லாது. மனிதவள அமைச்சிடம் கம்பெனி எழுதிக் கொடுத்த எண்தான் ஐபிஏவில் இருக்கும், அதற்குத்தான் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். அதைவிடக் குறைவாகத் தந்தால் புகார் நிற்கும். 572 எழுதி 572 தருகிறார்கள் என்றால், மீதியை ஏமாற்றியவர் ஏஜென்ட்.

இன்னொன்றையும் பாருங்கள் தம்பி. மாதத்துக்கு 72 மணிக்கு மேல் ஓவர்டைம் வாங்கச் சட்டத்தில் பொதுவாக இடமில்லை. உங்கள் கூலியில் 72 மணிக்கு 324 வெள்ளி. அடிப்படையோடு சேர்த்தால் 896. ஆக, ஓய்வு நாளை விற்காமல் நீங்கள் 950-ஐத் தொடவே முடியாது. இந்தத் தொழிலில் இருக்கும் ஏஜென்டுக்கு இது தெரியாமல் இருக்காது.

எனக்கு உறுத்துவது ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு. உங்கள் ஒரு நாள் சம்பளம் 22. கம்பெனி கூப்பிட்டு முழு நாள் வேலை செய்தால் இரண்டு நாள் சம்பளம், அதாவது 44, ஒரு ஞாயிற்றுக்கு. உங்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கும் சேர்த்தே 44 வந்திருக்கிறது. ஏதாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டீர்களா?

கிரேன் நிழல்:
உங்களிடமும் லெவி பிடிக்கிறார்களா? என் சீட்டில் "இதர பிடித்தம்" என்று மாதம் 60 வெள்ளி போகிறது. கேட்டால் எல்லாருக்கும் உள்ளதுதான் என்கிறார்கள்.

பழைய டைம்கீப்பர்:
அவருக்குப் பிடிப்பது சாப்பாட்டுக் காசு, ஐபிஏவிலேயே இருக்கிறது. உங்களுடையது வேறு கதை. லெவி என்பது வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்திருப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டியது, தொழிலாளியிடம் ஒரு காசு வாங்கக்கூடாது. "இதர" என்றால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டில் பிடித்தம் ஒவ்வொன்றையும் தனியாகக் காட்ட வேண்டும் என்பது 2016-லிருந்து விதி.

கம்பி கட்டுபவன்:
ஆமாம் அண்ணன், படிவம் இருக்கிறது. சனிக்கிழமை மாலை சூப்பர்வைசர் ஒரு தாளைச் சுற்றுக்கு விடுவார். பெயர், பெர்மிட் எண், கையெழுத்து என்று கட்டங்கள். மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி. வருகைப் பதிவு என்றுதான் எங்கள் ஆட்கள் எல்லாரும் நினைத்திருக்கிறோம். நேற்று படம் எடுத்து, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். "என் சொந்த விருப்பத்தின்பேரில் ஓய்வு நாளில் வேலை கேட்கிறேன்" என்று இருக்கிறதாம்.

பழைய டைம்கீப்பர்:
நினைத்தேன். தொழிலாளியே கேட்டு வந்தால் முழு நாளுக்கு ஒரு நாள் சம்பளம் போதும். அந்த ஒரு வரியில் ஒவ்வொரு ஞாயிறும் உங்களிடமிருந்து 22 வெள்ளி போகிறது.

வடக்குத் தெரு:
கையெழுத்து இருந்தால் முடிந்தது கதை. எதுவும் செய்ய முடியாது.

பழைய டைம்கீப்பர்:
அப்படியும் சொல்லிவிட முடியாது. ஞாயிறு கான்கிரீட் ஊற்று இருக்கிறது, யார் யார் வர வேண்டும் என்று சூப்பர்வைசர் முதல் நாள் செய்தி அனுப்பியிருந்தால், கூப்பிட்டது யார் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தச் செய்திகளை அழிக்காதீர்கள். தேதி தெரியும்படி ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள். வேலையில் இருக்கும்போதே, சம்பளத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் டிஏடிஎம் அமைப்பில் மனு கொடுக்கலாம், ஓராண்டுக்கு உட்பட்ட பாக்கியைத்தான் கேட்க முடியும். வேலையை விட்டால் ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கையெழுத்தையும் செய்தியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எது கனமாக நிற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

கம்பி கட்டுபவன்:
செய்திகள் இருக்கின்றன. "நாளை 8 மணி, இந்த ஆட்கள் கட்டாயம்" என்று எங்கள் பெயர்களோடு வருவது வழக்கம். ஆனால் என்னோடு கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் பெர்மிட் புதுப்பிக்கக் காத்திருக்கிறார்கள். அவர்களை இழுக்காமல் நான் மட்டும் மனு கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னொரு அவசரம். அதே ஏஜென்ட் இப்போது என் சித்தப்பா மகனிடம் 1,000 வெள்ளி என்கிறார். ஐபிஏவின் எல்லாப் பக்கங்களையும் வாங்கி, அடிப்படை எவ்வளவு, படி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று மட்டும் பார்த்து எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பணம் கட்டினால்தான் காட்டுவேன் என்கிறாராம் ஏஜென்ட். யாருக்காவது பணம் கட்டும் முன் முழு ஐபிஏ கிடைத்திருக்கிறதா? எப்படி வாங்கினீர்கள்?