சந்தேகம்: ஓ.எஸ்., லோ ஆங்கிள், டச் ஆங்கிள் எல்லாம் வைத்தும் இரண்டு பேர் பேசும் காட்சி ஒட்டவில்லை

கரிசல்காடு
குறும்படத்துக்காக ஒரு காட்சி எடுத்தோம். அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள், எதிரே தம்பி, வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறான். பாதியில் எழுந்து நிற்கிறான். கடைசியில் ஏற்கெனவே அட்வான்ஸ் வாங்கிவிட்டதாகச் சொல்கிறான். மொத்தம் மூன்று நிமிடம். அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, கிராப் சென்சார் கேமரா, கையில் இருந்தது 35, 50 இரண்டு லென்ஸ்தான்.

இரண்டு பேருக்கும் வலது தோள் மேலிருந்து ஓ.எஸ். எடுத்தேன், ஒரே மாதிரி இருக்கட்டும் என்று. தம்பி மிரட்டுகிறான் என்பதால் அவனுக்கு முதலிலிருந்தே லோ ஆங்கிள். அக்காவுக்குப் பதற்றம் என்பதால் அவள் ஷாட் எல்லாம் டில்ட். எடிட்டில் போட்டுப் பார்த்தால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது போலவே இல்லை, மூன்றாவது ஆள் யாரையோ பார்த்துப் பேசுவது போல இருக்கிறது. தம்பி முதல் வரியிலேயே வில்லன் ஆகிவிட்டான், தலைக்கு மேல் ஃபேன் வேறு. டில்ட்டைப் பார்த்த நண்பன் ட்ரைபாட் சரிந்துவிட்டதா என்று கேட்டான். எதிலிருந்து சரிசெய்வது?

மணவிழா வீடியோ
டில்ட்டுக்குச் சாதாரண ஃபோட்டோ ட்ரைபாட் சரிப்படாது தம்பி. ஃப்ளூயிட் ஹெட் வாடகைக்கு எடுங்கள், மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு வரும். மண்டபத்தில் நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

கரிசல்காடு
அண்ணே, நான் கேட்டது கேமரா மேலும் கீழும் நகர்வதை இல்லை. ஃப்ரேமே ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது. அன்றைக்கு எங்கள் கேமராமேனும் முதலில் இதையே செய்தான், நான் "டில்ட்" என்றதும் அக்கா முகத்திலிருந்து விட்டம் வரைக்கும் போய்விட்டான்.

பழைய லென்ஸ்
அதனால்தான் செட்டில் சாய்ந்த ஃப்ரேமுக்கு "டச்" என்றே சொல்லிப் பழக வேண்டும், டில்ட் என்றால் கேமரா மேலும் கீழும் அசைவதுதான். மண்டப அண்ணன் சொல்லும் ஃப்ளூயிட் ஹெட்டில் டச் நேரடியாக வராது. கேமராவைப் பிளேட்டில் தொண்ணூறு டிகிரி திருப்பி மாட்டினால், ஹெட்டை மேலும் கீழும் அசைக்கும்போது ஃப்ரேம் சாயும். இல்லையென்றால் ஒரு காலைக் கொஞ்சம் சுருக்கினால் போதும்.

இப்போது பெரிய தப்புக்கு வருகிறேன். இரண்டு பேருக்கும் வலது தோள் என்றீர்களே, அதுதான். அக்கா தலைக்கும் தம்பி தலைக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அக்காவின் வலது தோள் கயிறுக்கு ஒரு பக்கம், எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பியின் வலது தோள் கயிறுக்கு அந்தப் பக்கம். நீங்கள் கயிறைத் தாண்டிவிட்டீர்கள். இப்போது டைம்லைனைப் பாருங்கள், இரண்டு ஷாட்டிலும் முன்னால் மங்கலாக இருக்கும் தலை இடது ஓரத்திலேயே இருக்கும், இரண்டு முகமும் இடப்பக்கமே பார்க்கும். அக்காவுக்கு வலது தோள் என்றால் தம்பிக்கு இடது தோள். ஒருவர் ரைட் லுக், மற்றவர் லெஃப்ட் லுக் என்று வந்தால்தான் பார்வை மோதும்.

அதோடு இரண்டுக்கும் ஒரே லென்ஸ், ஒரே தூரம் வையுங்கள். 35ஐ வைத்துக்கொண்டு தோளுக்குப் பக்கத்தில் போனால் முதுகு பெரிதாகிவிடும், எதிரே இருக்கும் முகம் சின்னதாகிவிடும். 50ஐ மாட்டி, கதவைத் திறந்து வாசற்படிக்கு வெளியே நின்று எடுங்கள். முன்னால் இருப்பவரின் காதும் தாடையும் தெரிந்தால் போதும், மூக்கு தெரிய ஆரம்பித்தால் அது டூ ஷாட் ஆகிவிடும்.

கரிசல்காடு
பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே இரண்டு தலையும் இடது ஓரம்தான். அக்கா ஷாட்டை எடிட்டில் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டால் போதுமா?

வெட்டு ஒட்டு
நான் எடிட்டர். திருப்பலாம், லுக் சரியாகிவிடும். ஆனால் நடிகை புடவையில் இருந்தால் முந்தானை வலது தோளுக்குப் போய்விடும், மூக்குத்தி பக்கம் மாறும், சுவரில் நாள்காட்டி இருந்தால் எழுத்து இடம் வலம் மாறி ஓடும். மாஸ்டர் ஷாட்டில் இதெல்லாம் நேராகத் தெரிந்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று, கயிறுக்கு அந்தப் பக்கம் போனதில் பின்னணியும் மாறியிருக்கும். ஜன்னல் எந்தப் பக்கம்?

கரிசல்காடு
மாஸ்டர் ஜன்னல் பக்கத்திலிருந்து. அக்கா ஓ.எஸ்.ஸில் மட்டும் அவளுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் அடிக்கிறது. புடவைதான் கட்டியிருக்கிறாள்.

வெட்டு ஒட்டு
அப்படியென்றால் அந்த ஒரு ஷாட்டைத் திரும்ப எடுங்கள். வேறு வழி இல்லை.

நைட் எஃபெக்ட்
லோ ஆங்கிள் விஷயத்தில் நீங்கள் செய்தது சரிதான். லோ ஆங்கிள் என்றால் அதிகாரம், டாப் ஆங்கிள் என்றால் பலவீனம். ஃபேன் தெரிந்தால் கழற்றிவிடுங்கள். நான் என் படத்தில் கேமராவைத் தரையில் வைத்தேன், நல்ல வரவேற்பு.

பழைய லென்ஸ்
பாதி சரி. உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரில் ஒருவரை மட்டும் தரையிலிருந்து எடுத்தால் அது யாருடைய பார்வை? அக்காவின் கண் தரையில் இல்லையே. அதனால்தான் முதல் வரியிலேயே வில்லனாகத் தெரிகிறான், வசனம் இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே கேமரா முடிவு சொல்லிவிட்டது.

இந்தக் காட்சியில் லோ ஆங்கிள் தானாகவே வரும். இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும் வரை கேமரா அவர்கள் கண் உயரத்திலேயே இருக்கட்டும். தம்பி எழுந்து நிற்கும்போது கேமராவை அக்கா தோளுக்குப் பின்னால் அதே உயரத்தில் விட்டுவிட்டு லென்ஸை மட்டும் மேலே தூக்குங்கள். அக்கா நிமிர்ந்து பார்க்கிற கோணம் கிடைத்துவிடும். எதிர் ஷாட்டுக்குக் கேமரா தம்பி தோள் உயரத்துக்கு ஏறும், அங்கிருந்து அக்காவும் பூண்டுத் தட்டும் கீழே தெரிவார்கள். இனி இரண்டு ஷாட்டும் பொருந்தாது, பொருந்தக் கூடாது. பிறகு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றால் கண் உயரம் மறுபடி சமமாகிவிடும். அந்த எழுச்சியை எந்த வசனத்தில் வைப்பது என்பதுதான் உங்கள் பிளாக்கிங். ஃபேனைக் கழற்ற வேண்டாம், தம்பியை ஓரடி பக்கவாட்டில் நிற்க வைத்துப் பாருங்கள்.

நைட் எஃபெக்ட்
பார்வையாளருக்குத் தாக்கம் வேண்டும் சார். கண் உயரத்திலேயே வைத்தால் சீரியல் மாதிரி இருக்கும்.

கரிசல்காடு
எழுந்தபின் தம்பி நடந்து அக்காவுக்குப் பின்னால் அடுப்புப் பக்கம் போகிறான். அப்போது கயிறு என்ன ஆகும்?

பழைய லென்ஸ்
கயிறும் அவனோடு சுற்றும். அவன் நடப்பதை வெட்டாமல் ஒரே ஷாட்டில் அக்கா முகத்தோடு சேர்த்து எடுங்கள், அவள் தலை திரும்பிப் போகட்டும். லுக் மாறுவதைப் பார்ப்பவர்கள் கண்ணெதிரே பார்த்துவிட்டால் குழப்பம் வராது. நடையை வெட்டிவிட்டால்தான் சிக்கல்.

வெட்டு ஒட்டு
டச் பற்றி யாரும் முடிக்கவில்லையே. எல்லா ஷாட்டும் சாய்ந்திருந்தால் எதுவுமே சாய்ந்ததாகத் தெரியாது. "அட்வான்ஸ் வாங்கிட்டேன்" என்ற வரியைக் கேட்கும் அக்கா முகத்துக்கு மட்டும் வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி என்றால் தப்பு மாதிரி தெரியும், எட்டுப் பத்து வேண்டும். அதோடு பின்னால் கதவு நிலையோ ஜன்னல் கம்பியோ இருக்க வேண்டும். வெறும் சுவர் என்றால் அவள் தலையைச் சாய்த்திருக்கிறாள் என்றுதான் படும். 4கே-வில் எடுத்து 1080-இல் முடிப்பதாக இருந்தால் நேராகவே எடுங்கள், எடிட்டில் சாய்த்துப் பார்க்கலாம். 8 டிகிரிக்கு மூலை வெறுமையாகாமல் இருக்கச் சுமார் 24 சதவீதம் பெரிதாக்க வேண்டும், அதற்கு ஏற்றபடி ஓரத்தில் இடம் விட்டு எடுங்கள்.

கரிசல்காடு
அந்த வரிக்குப் பிறகு தம்பியின் எதிர் ஷாட்டும் சாய வேண்டுமா? சாய்ந்தால் அதே பக்கமா, எதிர்ப் பக்கமா?

வெட்டு ஒட்டு
எதிர்ப் பக்கம். இரண்டு சரிவும் மோத வேண்டும்.

பழைய லென்ஸ்
நான் தம்பியை நேராகவே விடுவேன். தரை நழுவியது அக்காவுக்குத்தானே, அவனுக்கு இல்லையே.

கரிசல்காடு
ஞாயிற்றுக்கிழமை வீடு கிடைக்கிறது. அக்கா ஓ.எஸ்., தம்பி எழும் ஷாட், அந்த நடை மூன்றையும் திரும்ப எடுக்கிறோம். தம்பியின் எதிர் ஷாட்டை நேராக 4கே-வில் எடுத்து இரண்டு விதமும் போட்டுப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.