11 மாச பாப்பாவுக்கு கழுத்து சாய்வு, ஆபரேஷன் இப்பவே பண்ணலாமா?

பெங்களூரு கே.ஆர்.புரம் பக்கம் இருக்கோம். பாப்பா பிரீச் பொசிஷன்ல இருந்து சிசேரியன்ல பொறந்தா. மூணாவது வாரம் கழுத்துல வலது பக்கம் கெட்டியா ஒரு கட்டி, அம்மா சுளுக்குன்னு எண்ணெய் தடவினாங்க, நாங்களும் விட்டுட்டோம். கட்டி தானா கரைஞ்சிடுச்சு, ஆனா தலை வலது தோள் பக்கம் சாயுது, தாடை இடது பக்கம் திரும்பியே இருக்கு.

நாலரை மாசத்துல தான் டாக்டர்கிட்ட போனோம் (லேட்னு தெரியும்). ஸ்கேன்ல காதுக்குப் பின்னாடி இருந்து நெஞ்செலும்புக்கு வர்ற தசை தடிச்சு நார் மாதிரி ஆயிருக்குன்னு சொன்னாங்க. கழுத்து எக்ஸ்ரே, கண், இடுப்பு ஸ்கேன் எல்லாம் நார்மல்.

அப்போ இருந்து தினமும் டயப்பர் மாத்துறப்பல்லாம் ஸ்ட்ரெச்சிங். அவர் தோளை அமுக்கிப் பிடிப்பார், நான் தாடையை வலது தோள் பக்கம் மெதுவா திருப்பி, அப்புறம் இடது காதை இடது தோளுக்கு சாய்ச்சு பிடிப்பேன். அழுது முறுக்கினா விட்டுடணும்னாங்க. குப்புற போடுறது, வலது பக்கம் கிலுகிலுப்பை ஆட்டுறது எல்லாம் பண்றோம்.

ஆறு மாசம் முடிஞ்சாச்சு. இடது பக்கம் 100 டிகிரி திரும்புறா, வலது 80 தான், கடைசி ரெண்டு மாசமா அதே 80. தொட்டா கயிறு மாதிரி தெரியுது, வலது கன்னமும் கொஞ்சம் சின்னதா தெரியுது.

ஆறு மாச தெரபிக்கு அப்புறமும் அந்தப் பக்கம் திரும்புறது 15 டிகிரிக்கு மேல குறைவா இருந்தா தசையை ரிலீஸ் பண்ணலாம்னு சர்ஜன் சொல்றார், பிசியோ மேடம் ஒன்றரை வயசு வரை பாருங்கன்றாங்க.

இதே நிலைமையில இருந்தவங்க எந்த வயசுல ஆபரேஷன் பண்ணீங்க, அதுக்கப்புறம் சாய்வு முழுசா போச்சா?