குண்டு எறிதல்: புதிதாகக் கற்பவருக்கு கிளைடா, ரொட்டேஷனா?

தங்கையின் அண்ணன்: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் தங்கை 3 கிலோ குண்டை நின்ற இடத்திலிருந்து 8.20 மீட்டர் எறிகிறாள். முதுகைத் திருப்பி நின்று பின்னோக்கி வழுக்கி எறியும் கிளைடில் 8.50. வீடியோ பார்த்து ஒரு வாரம் ரொட்டேஷனில் சுழன்று பார்த்தாள், 9.10 வந்தது. ஆனால் ஆறில் மூன்று ஃபவுல். எதைத் தொடரலாம்?

சுழலும்சூறாவளி: ரொட்டேஷன்தான், யோசிக்கவே வேண்டாம். 2023-ல் கிரவுசர் உலக சாதனையாக 23.56 மீட்டர் எறிந்தது சுழன்றுதான். கிளைடு காலாவதியான சரக்கு.

பழைய மாஸ்டர்: தம்பி, டிம்மர்மான் 1988-ல் கிளைடில் 23.06 எறிந்தார். பெண்கள் உலக சாதனையான 22.63-ம் கிளைடுதான், 1987-லிருந்து அசையவில்லை. சாதனைப் பட்டியலைப் பார்த்துப் பிள்ளைக்குப் பாடம் எடுக்க முடியாது.

எனக்கு உறுத்துவது அந்த 30 சென்டிமீட்டர். ஓரளவு சரியான கிளைடு என்றால் நின்று எறிவதைவிட ஒரு மீட்டராவது கூட வர வேண்டும். வரவில்லை என்றால், அவள் வழுக்கவில்லை, குதிக்கிறாள். குண்டில்லாமல் கிளைடு செய்யச் சொல்லி, கால் பதிந்ததும் அப்படியே நிற்க வையுங்கள். வலது கால் வட்டத்தின் நடுவில், எடை அதன் மேல், நெஞ்சு இன்னும் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். நெஞ்சு அதற்குள் திரும்பிவிட்டால் வெறும் கையால்தான் தள்ளுகிறாள் என்று அர்த்தம். இதைச் சரிசெய்யாமல் சுழலப் போனால் அதே தப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

மண்தரை: எங்கள் பள்ளியில் சிமென்ட் வட்டமே கிடையாது, சுண்ணாம்புக் கோடுதான். சுழன்றால் ஷூ மண்ணில் சிக்கி முட்டி திருகிக்கொள்கிறது. எனக்கு ஒரு மாதம் வலி. எந்த ஷூ வாங்கலாம்?

பழைய மாஸ்டர்: ஷூ மாற்றித் தீராது, மண்ணில் சுழலாதே. வழவழப்பான சிமென்ட் கிடைக்கும்வரை கிளைடுதான்.

வட்டத்துக்குள்: மாஸ்டர் சொல்லும் சோதனை சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. உயரம் குறைவான, சுறுசுறுப்பான பிள்ளையை இரண்டு வருஷம் கிளைடில் கட்டிப்போட்டால், பிறகு சுழலும்போது தாளம் பிடிபடாது. அவளுடைய ஃபவுலுக்குக் காரணம் பெரும்பாலும் இடது கால். பாதம் போதுமான அளவு திரும்புவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள், உடல் நடுவுக்குப் போகாமல் ஓரமாகச் சாயும். குண்டில்லாமல், மெதுவாக, தினமும் முப்பது தடவை சுழலட்டும்.

பழைய மாஸ்டர்: பழகட்டும், தடுக்கவில்லை. ஆனால் போட்டியில் முதல் மூன்று வாய்ப்பும் ஃபவுலானால் 9.10 எங்கே எழுதப்படும்?

தங்கையின் அண்ணன்: போன மாதம் அதுதான் நடந்தது சார். வட்டம் சிமென்ட்தான், உயரம் ஐந்தடி. இன்று நிற்க வைத்துப் பார்த்தேன், நெஞ்சு முழுசாக முன்னால் திரும்பிவிட்டது.

வட்டத்துக்குள்: ஐந்தடியா? அப்போது நான் இன்னும் ரொட்டேஷன் பக்கம்தான். அடுத்த போட்டிக்கு மட்டும் கிளைடு போகட்டும்.